அப்பத்தில் தொடங்கி அந்தியோக்கியாவில் முடிந்த பிளவு

1089 செப்டம்பரில் கான்ஸ்டான்டினோபிளில் ஆயர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. கூட்டியவர் பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் கொம்னெனோஸ். போப் இரண்டாம் உர்பான் அவரிடம் ஒரு குறையைச் சொல்லி அனுப்பியிருந்தார். கான்ஸ்டான்டினோபிள் ஆலயங்களில் வழிபாட்டின்போது வாசிக்கப்படும் தலைமை ஆயர்களின் பெயர்ப் பட்டியலில் ரோமாபுரி ஆயரின் பெயர் இல்லை. முறைப்படி எந்தத் தீர்மானமும் இல்லாமல் அதை எப்படி நீக்கினீர்கள் என்பது அவருடைய கேள்வி. பேரரசரும் அதையே ஆயர்களிடம் கேட்டார். ரோமையும் நம்மையும் பிரித்த ஆவணம் எங்கே?

தேடிப் பார்த்தார்கள். அப்படி ஒரு ஆவணம் இல்லை என்று ஆயர்களே பதில் சொன்னார்கள்.

பள்ளிப் பாடநூல்கள் கிழக்குத் திருச்சபையும் மேற்குத் திருச்சபையும் பிரிந்த ஆண்டு என்று 1054-ஐக் குறிக்கின்றன. அதற்கு 35 ஆண்டுகள் கழித்து, பிரிந்ததாகச் சொல்லப்படும் ஊரிலேயே பிரிவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பெயர் பட்டியலிலிருந்து விழுந்தது 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சத்தமில்லாமல் நடந்த காரியம். அப்படியானால் 1054-இல் நடந்தது என்ன? ஏன் நடந்தது? வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் விசுவாசப் பிரமாணத்தில் சேர்க்கப்பட்ட ஒரு சிறு தொடர். அது பொய்யான காரணம் அல்ல, ஆனால் முழுக் காரணமும் அல்ல. அன்றைய கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் சண்டை வேறொரு இடத்தில் தொடங்கியிருப்பது தெரியும்.

முதலில் அந்தத் தொடரைப் பார்த்துவிடுவோம். தூய ஆவி பிதாவிடமிருந்து புறப்படுகிறவர் என்பது 4-ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்ட விசுவாசப் பிரமாணம். மேற்கே ஸ்பெயினிலும் பிறகு பிராங்க் அரசர்களின் நாடுகளிலும் “மகனிடமிருந்தும்” என்று சேர்த்துச் சொல்லும் வழக்கம் பரவியது. ரோம் நெடுங்காலம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. சார்லமேன் காலத்து போப்பான மூன்றாம் லியோ, சேர்க்கை இல்லாத பழைய வாசகத்தை வெள்ளித் தகடுகளில் பொறித்து ஆலயத்தில் வைக்கச் செய்தார். 1014-இல் ஜெர்மானிய அரசர் இரண்டாம் ஹென்றி பேரரசராக முடிசூட ரோமுக்கு வந்தபோதுதான், அவருடைய விருப்பப்படி, அந்தச் சேர்க்கை ரோமின் பூசையிலும் ஒலித்தது. பொதுச் சங்கம் வகுத்த வாசகத்தில் ஒரு தரப்பு மட்டும் எப்படிக் கைவைக்கலாம் என்ற கிழக்கின் கேள்வியில் நியாயம் உண்டு.

ஆனால் 1053-இல் மோதலைத் தொடங்கிவைத்த கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

அந்தக் கடிதத்தை எழுதியவர் பல்கேரியப் பகுதியில் ஓக்ரிட் நகரப் பேராயராக இருந்த லியோ. பெற்றவர் இத்தாலியின் கிழக்குக் கரையிலுள்ள டிரானி ஊரின் ஆயர் யோவான். அவர் மூலமாக மேற்கின் ஆயர்கள் எல்லோருக்கும், போப்புக்கும் போய்ச்சேர வேண்டும் என்றே அது எழுதப்பட்டது. லத்தீன்காரர்கள் மீது அதில் சொல்லப்பட்ட குற்றங்கள் சில: சனிக்கிழமைகளில் நோன்பிருக்கிறார்கள், ரத்தம் வடிக்காத இறைச்சியைத் தின்கிறார்கள், தவக்காலத்தில் அல்லேலூயா பாடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நற்கருணைக்குப் புளிப்பில்லாத அப்பத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

அப்பம் அவ்வளவு பெரிய விஷயமா என்று இன்று தோன்றலாம். கும்பிட வந்த சாதாரண மனிதருக்கு இறையியல் தர்க்கம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பீடத்தில் இருக்கும் அப்பம் தெரியும். கிரேக்க ஆலயத்தில் அது புளிக்கவைத்த மாவில் உப்பி எழுந்த உருண்டை ரொட்டி. மேலே சிலுவை முத்திரை பதித்திருக்கும். ஈட்டி வடிவிலான சிறு கத்தியால் குருவானவர் அதிலிருந்து ஒரு பகுதியை வெட்டி எடுப்பார். லத்தீன் ஆலயத்திலோ வெறும் மாவும் தண்ணீரும் கலந்து, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே வார்த்துச் சுட்ட வெள்ளை வில்லை. இன்று தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோவில்களில் கொடுக்கப்படும் ஓஸ்தி இந்த லத்தீன் வழக்கத்தின் தொடர்ச்சிதான். மேற்கிலும் இது ஆதியிலிருந்தே வந்த வழக்கமல்ல. 9-ஆம் நூற்றாண்டு முதல் மெல்லப் பரவி நிலைத்தது.

இரு தரப்புக்கும் வேதாகமச் சான்று இருந்தது. இயேசுவின் கடைசி இராவுணவு பாஸ்கா விருந்து என்று முதல் மூன்று நற்செய்திகள் சொல்கின்றன. பாஸ்காவில் யூதர்கள் புளித்த அப்பத்தைத் தொடுவதில்லை. ஆகவே அவர் கையில் எடுத்தது புளிப்பில்லாத அப்பமே என்பது லத்தீன் வாதம். யோவான் நற்செய்தியின்படி அந்த இராவுணவு பாஸ்காவுக்கு முன்பே நடந்துவிட்டது. ஆகவே சாதாரண ரொட்டிதான் என்பது கிரேக்க வாதம். புளிப்பு மாவுக்கு உயிரைக் கொடுக்கிறது, புளிப்பில்லாதது செத்த மாவு, உயிர்த்தெழுந்தவரின் உடலுக்கு அது பொருந்துமா என்றும் கேட்டார்கள்.

கிரேக்கர்களுக்கு இந்த வாதங்கள் இத்தனை தயாராக இருந்ததற்கு வேறொரு வரலாறு உண்டு. 1045-இல் பேரரசு ஆர்மீனியத் தலைநகரான ஆனியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஆர்மீனியர்களும் புளிப்பில்லாத அப்பம் பயன்படுத்துகிறவர்கள். 451-ஆம் ஆண்டுச் சங்கத்தை ஏற்காமல் முன்பே தனி வழி போனவர்கள். புதிதாகக் குடிமக்களான அவர்களைத் தங்கள் சபைக்குள் கொண்டுவரும் முயற்சியில் கிரேக்கக் குருக்கள் புளிப்பில்லாத அப்பத்துக்கு எதிராகப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு மேற்கே திரும்பிப் பார்த்தபோது லத்தீன்காரர்கள் கையிலும் அதே வில்லை. கிழக்கு எல்லையில் ஆர்மீனியர்மேல் வளர்ந்த வெறுப்பு அப்படியே லத்தீன்காரர்கள்மேல் இறங்கியது. (நம்மூரில் ஆர்த்தடாக்ஸ் என்றதும் நினைவுக்கு வரும் கேரளத்துச் சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் அந்த 451-ஆம் ஆண்டுப் பிரிவின் வழி வந்தவை. 1054-க்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.)

சரி, அந்தக் கடிதம் டிரானிக்கு ஏன் போனது?

தென் இத்தாலி அப்போது பைசாந்தியப் பேரரசின் மேற்கு ஓரம். அபூலியாவில் பெரும்பாலும் லத்தீன் வழிபாடு. கலாபிரியாவில் பெரும்பாலும் கிரேக்கம். 8-ஆம் நூற்றாண்டில், உருவ வழிபாட்டுச் சண்டையின்போது, கலாபிரியா, சிசிலி, பால்கன் பகுதிகளின் திருச்சபைகளை ரோமின் ஆளுகையிலிருந்து பிடுங்கிக் கான்ஸ்டான்டினோபிளிடம் பேரரசர்கள் கொடுத்திருந்தார்கள். அந்த இழப்பை ரோம் மறக்கவில்லை. 11-ஆம் நூற்றாண்டில் மூன்றாவதாக ஒரு கூட்டம் உள்ளே நுழைந்தது. வட பிரான்சிலிருந்து கூலிப் படையாக வந்த நார்மன் குதிரை வீரர்கள் 1040-களில் தாங்களே நிலப்பிரபுக்களாகி, ஊர்களைச் சூறையாடத் தொடங்கினார்கள்.

இந்த நார்மன்களை போப் ஒன்பதாம் லியோவும் பேரரசர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் மொனொமகோசும் ஒரேபோல வெறுத்தார்கள். இருவரையும் இணைக்கப் பாடுபட்டவர் ஆர்கிரோஸ். பாரி நகரத்துக்காரர், பேரரசரின் தென் இத்தாலிப் பிரதிநிதி, லத்தீன் முறையில் வழிபடுகிறவர். போப் தாமே ஒரு படையைத் திரட்டிக்கொண்டு கிளம்பினார். ஆர்கிரோசின் படையோடு சேர முடியவில்லை. 1053 ஜூன் 18-இல் சிவிடாத்தே என்ற இடத்தில் நார்மன்கள் போப்பின் படையை அழித்து, அவரையே பிடித்து, பெனவென்டோவில் மாதக்கணக்கில் காவலில் வைத்தார்கள். காலில் விழுந்து ஆசி கேட்டுக்கொண்டே சிறைவைத்தார்கள் என்பதுதான் விசித்திரம்.

இந்தக் கூட்டணி யாருக்குப் பிடிக்கவில்லை? கான்ஸ்டான்டினோபிளின் பேட்ரியார்க், அதாவது தலைமை ஆயர், மிக்கேல் கெருலாரியோசுக்கு. இளமையில் அரண்மனைச் சதி ஒன்றில் சிக்கி நாடு கடத்தப்பட்டு, அதன் பிறகு துறவியானவர். 1043-இல் பதவிக்கு வந்தார். விட்டுக்கொடுக்கத் தெரியாத மனிதர். போப்பின் உதவிக்கு விலையாகத் தென் இத்தாலித் திருச்சபைகளை ரோமுக்குத் திருப்பித் தர வேண்டிவரும் என்று அவர் அஞ்சியிருக்க வேண்டும். ஆர்கிரோஸ் தலைநகரில் தங்கியிருந்த நாட்களிலேயே அவரோடு அப்பத்தைப் பற்றி வாதிட்டு, நற்கருணை தர மறுத்ததாக கெருலாரியோசே எழுதுகிறார். ஓக்ரிட் லியோவின் கடிதத்துக்குப் பின்னால் இருந்தவரும் இவரே என்று ரோம் நம்பியது. கூட்டணி கூடும் நேரத்தில், கூட்டணிக் களத்திலேயே, லத்தீன் வழிபாடு செல்லாது என்று சொல்லும் கடிதம் வந்து விழுந்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியவில்லை.

டிரானியில் அந்தக் கடிதத்தைக் கண்டு லத்தீனில் பெயர்த்துச் சிறையிலிருந்த போப்பிடம் கொண்டுபோனவர் கர்தினால் ஹும்பெர்ட். இவரைப் புரிந்துகொண்டால் மேற்கின் பக்கத்துக் கதை விளங்கிவிடும்.

ஒன்பதாம் லியோ அல்சேசில் பிறந்தவர். 1049-இல் பதவியேற்றதும் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கிலிருந்து தம்மைப் போன்ற சீர்திருத்தவாதிகளை ரோமுக்கு அழைத்து வந்தார். அவர்களில் ஒருவர் லொரேன் நாட்டுத் துறவி ஹும்பெர்ட். காசு கொடுத்து ஆயர் பதவி வாங்குவது, குருக்கள் மனைவியோடு வாழ்வது என்ற இரண்டையும் ஒழிப்பதற்காகவே அந்தக் கூட்டம் உயிரோடிருந்தது. அரசர்களும் பிரபுக்களும் ஆயர்களைப் பொம்மைகளாக ஆட்டிவைத்த மேற்கில், போப்பின் அதிகாரத்தை உயர்த்துவது ஒன்றே விடுதலைக்கு வழி என்று அவர்கள் உளமார நம்பினார்கள். கிழக்கிலோ திருமணமானவர் குருவாவது பழைமையான, சட்டப்படியான வழக்கம். பிரான்சிலும் இத்தாலியிலும் எதை வேரறுக்கப் புறப்பட்டாரோ அதுவே கான்ஸ்டான்டினோபிளில் ஒழுங்காக மதிக்கப்பட்டதைக் கண்டு ஹும்பெர்ட் கொதித்தார்.

தலைமை பற்றிய புரிதலும் இரண்டு விதமாக வளர்ந்திருந்தது. பழைய காலத்தில் ரோம், கான்ஸ்டான்டினோபிள், அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, எருசலேம் என்று ஐந்து தலைமை ஆயர்கள் இருந்தார்கள். 7-ஆம் நூற்றாண்டில் கடைசி மூன்று நகரங்களும் அரபு ஆட்சிக்குள் போயின. ஐவரும் இருந்தவரை ஒருவருக்கொருவர் ஈடுகொடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எதிரெதிரே நிற்க இருவர் மட்டுமே மிஞ்சினார்கள். ரோமுக்கு முதல் மரியாதை உண்டு, முடிவு எடுப்பது சங்கமே என்றது கிழக்கு. பேதுருவின் வாரிசு எல்லாரையும் விசாரிக்கலாம், அவரை யாரும் விசாரிக்க முடியாது என்றது சீர்திருத்த ரோம். அதற்கு ஆதாரமாக போப்பின் பெயரால் அனுப்பப்பட்ட பதிலில், முதலாம் கான்ஸ்டன்டைன் மேற்கின் ஆட்சியையே போப்புக்குத் தானமாகக் கொடுத்ததாகச் சொல்லும் சாசனம் விரிவாக எடுத்தாளப்பட்டது. அது 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுந்த போலி ஆவணம். 1440-இல் லொரென்சோ வல்லா என்ற அறிஞர் அதன் லத்தீன் நடையை ஆராய்ந்து அதைப் போலி என்று நிறுவினார். 1054-இல் ஹும்பெர்ட் அதை உண்மை என்றே நம்பினார்.

நார்மன்களால் தோல்வி கண்ட பிறகு பேரரசர் சமாதானத்தை விரும்பினார். அவருடைய வற்புறுத்தலால் கெருலாரியோசும் போப்புக்கு ஒரு மென்மையான கடிதம் எழுதினார். ஆனால் அதில் போப்பைத் தந்தையே என்று அழைக்காமல் சகோதரரே என்று அழைத்தார்; தமக்கு உலகப் பேட்ரியார்க் என்ற பட்டத்தைப் போட்டுக்கொண்டார். ரோமில் இரண்டுமே அவமதிப்பாகப் பட்டன.

ஹும்பெர்ட், லொரேனின் பிரெடெரிக், அமல்பியின் பேராயர் பீட்டர் ஆகிய மூவரும் போப்பின் தூதர்களாக 1054-இல் கான்ஸ்டான்டினோபிள் வந்து சேர்ந்தார்கள். பேட்ரியார்க்கை முதன்முதலாகச் சந்தித்தபோது அவருக்குரிய வணக்கத்தைச் சொல்லாமல் கடிதத்தை நீட்டினார்கள் என்று கிரேக்கத் தரப்பு குறைபட்டது. பேட்ரியார்க் அதன் பிறகு அவர்களைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். பேரரசர் மட்டும் உபசரித்தார். லத்தீன் அப்பத்தைத் தாக்கி எழுதிய நிகேதாஸ் ஸ்தேதாதோஸ் என்ற துறவியை, ஜூன் 24 அன்று ஸ்டூடியோஸ் மடத்தில் தம் முன்னிலையிலேயே பின்வாங்கச் சொல்லி, அவருடைய நூலையும் எரிக்கச் செய்தார். அதே துறவிக்கு எதிரான விவாதத்தில்தான் ஹும்பெர்ட் “மகனிடமிருந்தும்” என்ற பிரச்சினையையும் எழுப்பினார். கிழக்கு வாய் திறக்காத விஷயத்தை நடுவீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்.

இதற்கிடையே, ஏப்ரல் 19-இலேயே ரோமில் போப் லியோ இறந்துவிட்டார். அனுப்பியவர் இறந்தபின் தூதர்களின் அதிகாரம் நிற்குமா என்பது இன்றுவரை சட்ட வல்லுநர்கள் பேசும் கேள்வி. கெருலாரியோஸ் காலம் கடத்தியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பொறுமையிழந்த ஹும்பெர்ட் ஜூலை 16, சனிக்கிழமை காலை, ஹாகியா சோபியா பேராலயத்தில் மக்கள் கூடியிருக்க, சபைநீக்க ஆணையைப் பீடத்தின்மேல் வைத்துவிட்டு, கால் தூசியை உதறி வெளியேறினார்.

அந்த ஆணையைப் படித்தால் மனம் கனக்கிறது. பேரரசரையும் நகர மக்களையும் உத்தமக் கிறிஸ்தவர்கள் என்று புகழ்ந்துவிட்டு, கெருலாரியோசையும் ஓக்ரிட் லியோவையும் அவர்களைப் பின்பற்றுகிறவர்களையும் அது சபிக்கிறது. கிரேக்கர்கள் “மகனிடமிருந்தும்” என்பதைப் பிரமாணத்திலிருந்து வெட்டிவிட்டார்கள் என்கிறது. நடந்தது அதற்கு நேர்மாறு. குருக்களுக்கு மனைவியை அனுமதிக்கிறார்கள், தாடியை மழிக்கும் லத்தீன்காரர்களுக்கு நற்கருணை மறுக்கிறார்கள் என்றும் பட்டியல் நீள்கிறது. பழைய காலத்துப் பதிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து எதிராளியின் நெற்றியில் ஒட்டுகிறது. இதை எழுதியவர் படித்தவர், தாம் நம்பியதற்காக வாழ்ந்தவர். எதிரே இருப்பவரின் வழக்கம் எப்படி உருவானது என்று கேட்டுப் பார்க்கவே அவருக்குத் தோன்றவில்லை.

ஊரில் கலவரம் மூண்டது. பேரரசர் இறங்கிவந்தார். லத்தீன் ஆணையைக் கிரேக்கத்தில் பெயர்த்த மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கசையடி. ஆர்கிரோசின் மகனுக்கும் மருமகனுக்கும் சிறை. ஜூலை 24-இல் கெருலாரியோசின் சங்கம் பதில் சாபத்தை அறிவித்தது. அதுவும் போப்பையோ மேற்குத் திருச்சபையையோ தொடவில்லை. வந்தவர்கள் ஆர்கிரோஸ் அனுப்பிய போலித் தூதர்கள் என்று சொல்லி அவர்களை மட்டும் சபித்தது.

அன்றும் நிதானமாகப் பேசியவர் ஒருவர் இருந்தார். அந்தியோக்கியாவின் பேட்ரியார்க் மூன்றாம் பேதுரு. தாடி, மோதிரம், உணவு என்று கெருலாரியோஸ் அடுக்கியிருந்த குற்றப் பட்டியலைப் படித்துவிட்டு, பிரமாணத்தில் சேர்த்தது ஒன்றே பெரிய தவறு, மற்றவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று எழுதினார். போப்பின் பெயர் பல நூற்றாண்டுகளாகவே வாசிக்கப்படவில்லை என்ற கெருலாரியோசின் கூற்றையும் மறுத்தார். சுமார் 45 ஆண்டுகளுக்கு முன் தாம் கான்ஸ்டான்டினோபிள் வந்திருந்தபோது அந்தப் பெயர் வாசிக்கப்பட்டதை நேரில் கேட்டிருந்தார்.

அதன் பிறகு உறவை முறித்தவர்கள் பெரும்பாலும் இறையியலாளர்கள் அல்ல. நார்மன்களை வெல்ல முடியாத ரோம் அவர்களையே காவலாக்கிக்கொண்டது. 1059-இல் மெல்பியில் போப் இரண்டாம் நிக்கோலாஸ், நார்மன் தலைவர் ராபர்ட் கிஸ்கார்டை அபூலியாவுக்கும் கலாபிரியாவுக்கும் பிரபுவாக்கினார். அவை இன்னமும் பேரரசர் உரிமை கோரிய நிலங்கள். 1071-இல் பாரி நார்மன்களிடம் விழுந்தது. 1081-இல் கிஸ்கார்ட் கடல் கடந்து பேரரசின்மீதே படையெடுத்தார்.

கிஸ்கார்டின் மகன் பொஹெமண்ட் முதல் சிலுவைப் போரில் கிழக்கே போனார். 1098-இல் அந்தியோக்கியா பிடிபட்டதும் நகரத்தைப் பேரரசரிடம் ஒப்படைக்காமல் தாமே வைத்துக்கொண்டார். அங்கிருந்த கிரேக்கப் பேட்ரியார்க் யோவானைச் சிலுவைப் போர்வீரர்கள் முதலில் மரியாதையோடு பதவியில் அமர்த்தினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1100-இல், அவர் நகரத்தைவிட்டுக் கான்ஸ்டான்டினோபிளுக்குப் போக நேர்ந்தது. அவருடைய ஆசனத்தில் பெர்னார்ட் என்ற லத்தீன் ஆயர் உட்கார்ந்தார். கிரேக்கர்கள் தங்கள் பேட்ரியார்க்கைத் தலைநகரில் வைத்துத் தொடர்ந்து தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். ஒரே நகரத்துக்கு இரண்டு பேட்ரியார்க்குகள், ஒருவரையொருவர் ஏற்காதவர்கள். சாதாரண விசுவாசி யாருடைய பூசைக்குப் போவது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை இங்கேதான் வந்தது. என் கணிப்பில் பிளவு காகிதத்திலிருந்து தெருவுக்கு இறங்கிய இடம் இதுவே. 1204-இல் சிலுவைப் போர்ப்படை கான்ஸ்டான்டினோபிளையே சூறையாடி, தாமஸ் மொரொசினி என்ற வெனிசுக்காரரை அங்கே பேட்ரியார்க்காக்கியபோது, அந்தியோக்கியாவில் நடந்தது தலைநகரிலும் நடந்தது. அதற்குப் பிறகு கிரேக்கர்களிடம் ஒற்றுமை என்று பேசுவதே கடினமாகிவிட்டது.

அப்பத் தகராறு 1439-இல் பிளாரன்ஸ் சங்கத்தில் காகிதத்தில் தீர்ந்தது: புளித்ததும் புளிக்காததும் செல்லும், அவரவர் வழக்கப்படி நடக்கலாம் என்றார்கள். அந்தச் சங்கத்தின் ஒற்றுமையைக் கிழக்கின் மக்கள் ஏற்கவில்லை. 1054-ஆம் ஆண்டுச் சாபங்களை 1965 டிசம்பர் 7-இல் போப் ஆறாம் பவுலும் பேட்ரியார்க் அதெனாகோரசும் சேர்ந்து, அவை தனி மனிதர்கள்மேல் போடப்பட்டவையே தவிரத் திருச்சபைகள்மேல் அல்ல என்று சொல்லி, நினைவிலிருந்து நீக்கினார்கள். 2007-இல் ரவென்னாவில் கூடிய இரு தரப்பு இறையியல் குழு, முதல் ஆயிரம் ஆண்டுகளில் ரோமின் ஆயரே வரிசையில் முதல்வர் என்று ஒப்புக்கொண்டது. அந்த முதன்மை எந்தெந்த அதிகாரங்களைத் தருகிறது என்பதில் உடன்பாடு எட்டப்படவில்லை. குழு அந்தக் கேள்வியோடுதான் தொடர்ந்து கூடுகிறது.